துவர்ப்பு போன சாக்லேட்

பொள்ளாச்சிப் பக்கம் சித்தப்பாவுக்கு ஒரு தென்னந்தோப்பு இருக்கிறது. தென்னைக்கு நடுவே ஊடுபயிராகக் கோகோ. காய் பழுத்து மஞ்சளானதும் பறித்து, உடைத்து, வெள்ளைச் சதையோடு விதைகளை வழித்துச் சாக்கில் போட்டு ஈரமாகவே வியாபாரிக்கு எடை போட்டுவிடுவார். அதே சித்தப்பா போன வருடம் கோயம்புத்தூர் கடை ஒன்றில் 100 கிராம் டார்க் சாக்லேட் கட்டிகளை டஜன் கணக்கில் வாங்கி ஃபிரிட்ஜில் அடுக்கி வைத்திருந்தார். ராத்திரி சாப்பாடு முடிந்ததும் அரைக் கட்டி.

"பிரஷருக்கு நல்லதாம் கண்ணு. வாட்ஸப்புல வந்துச்சு. பத்து நாளா சாப்புடறேன், 150 இருந்தது 138க்கு வந்திருச்சு."

நான் உணவுத் தொழில்நுட்பம் படித்தவள். சில வருடம் கோகோவோடு வேலை பார்த்திருக்கிறேன். அதனால் குடும்பத்தில் சாக்லேட் சம்பந்தப்பட்ட பஞ்சாயத்தெல்லாம் என்னிடம்தான் வரும். சித்தப்பா சொன்னதில் பாதி உண்மை. மறுபாதி என்னவென்று கண்டுபிடிக்க எங்கள் இருவருக்கும் ஒரு மாதம் ஆனது.

முதலில் உண்மையான பாதி. பனாமா நாட்டின் கரீபியன் கடலோரத் தீவுகளில் குனா என்ற பழங்குடி மக்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் ரத்த அழுத்தம் வயதோடு ஏறுவதில்லை என்பதை ஹார்வர்டைச் சேர்ந்த நார்மன் ஹாலன்பெர்க் என்ற மருத்துவர் 1990களில் ஆராய்ந்தார். அதே மக்கள் பனாமா நகரத்துக்குக் குடியேறினால் எல்லோரையும் போல அவர்களுக்கும் ஏறியது. எனவே பரம்பரை காரணமாக இருக்க முடியாது. தீவில் அவர்கள் தினமும் பல கோப்பை கோகோ குடித்தார்கள், நகரத்தில் அந்தப் பழக்கம் குறைந்துபோனது. தீவிலிருந்து நகரத்துக்கு வருகிறவர்களுக்கு மாறுவது கோகோ மட்டுமல்ல, வாழ்க்கையே மாறுகிறது என்பதால் இதை ஆதாரமாக எடுத்துக்கொள்ள முடியாது. ஆனால் கோகோவின் பக்கம் ஆராய்ச்சியாளர்கள் திரும்பிப் பார்த்ததற்கு இது ஒரு பெரிய காரணம்.

கோகோவில் வேலை செய்வது ஃபிளவனால் என்ற சேர்மக் குடும்பம். ரத்தக் குழாயின் உள்சுவர், தன்னைத் தளர்த்திக்கொள்ள நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயுவைக் கொஞ்சமாகச் சுரக்கிறது. ஃபிளவனால் அந்தச் சுரப்புக்குக் கைகொடுக்கிறது. நல்ல அளவு கோகோ குடித்து இரண்டு மணி நேரத்தில் கைத் தமனி முன்னைவிடக் கொஞ்சம் அதிகமாக விரிவதை அல்ட்ராசவுண்டில் பார்க்கலாம். இதுவரை வாட்ஸப் சொன்னது சரிதான்.

அந்த ஃபிளவனால் எங்கே இருக்கிறது என்பதில்தான் சிக்கல். அடுத்த முறை தோப்புக்குப் போனபோது ஒரு காயை உடைத்து, விதையின் சதையைச் சப்பித் துப்பிவிட்டு, பருப்பைக் குறுக்கே வெட்டிச் சித்தப்பாவிடம் கொடுத்தேன். உள்ளே கத்தரிப்பூ நிறம். "மெல்லுங்க சித்தப்பா" என்றேன். இத்தனை வருடம் கோகோ விற்றவர், அதை ஒருநாளும் வாயில் போட்டதில்லை. மென்ற உடனே முகம் சுருங்கியது. நாக்கு இழுத்துப் பிடித்தது. கடுக்காயை நேரடியாகக் கடித்த மாதிரி.

அந்தத் துவர்ப்பில் பெரும்பங்கு ஃபிளவனாலுடையது. துவர்ப்பு என்பது நாக்கின் சுவை மொட்டு மட்டும் உணரும் சங்கதி இல்லை. எச்சிலில் உள்ள புரதங்களை இந்தச் சேர்மங்கள் பிடித்துக் கட்டிவிடுவதால் வாய் வறண்டு இழுப்பது போல இருக்கும். அறுசுவையில் நாம் அதற்கு ஒரு தனி இடம் கொடுத்திருக்கிறோம். சாக்லேட் செய்கிறவனுக்கோ அது எதிரி.

வியாபாரி வாங்கிப்போன விதைக்கு என்ன ஆகிறது என்று பாருங்கள். முதலில் பெட்டியிலோ குவியலிலோ ஐந்தாறு நாள் புளிக்க வைப்பார்கள். குவியலின் உள்ளே 45 முதல் 50 டிகிரி வரை சூடு ஏறும். கத்தரிப்பூ நிறம் பழுப்பாகும், சாக்லேட் மணத்துக்கான மூலப்பொருட்கள் உருவாகும், ஃபிளவனாலில் பெரும்பகுதி அங்கேயே சிதைந்துபோகும். அப்புறம் வெயிலில் காய்ச்சல், வறுவல், அரைவை. ஒவ்வொன்றிலும் இன்னும் கொஞ்சம் போகும். கடைசியில் பல தொழிற்சாலைகள் காரம் சேர்க்கும், மிளகாய்க் காரம் இல்லை, அமிலத்தை அடக்குகிற ஆல்கலி. 19-ஆம் நூற்றாண்டில் நெதர்லாந்தின் வான் ஹவுட்டன் குடும்பம் பிரபலமாக்கிய வழி என்பதால் இதற்கு டச்சு முறை என்று பெயர். பொட்டாசியம் கார்பனேட் போன்ற ஒரு காரத்தோடு கோகோவைச் சூடாக்கினால் புளிப்பும் துவர்ப்பும் அடங்கி, நிறம் கறுத்து, பாலில் நன்றாகக் கலக்கும். நல்ல சாக்லேட் என்று நாம் பாராட்டுவதில் பாதி, துவர்ப்பை எடுக்கிற கைத்திறன்தான். அதாவது மருந்தை எடுக்கிற கைத்திறன்.

எவ்வளவு போகிறது என்பதற்கு 2008-இல் வெளியான ஓர் ஆய்வு நல்ல கணக்குக் கொடுக்கிறது. கடையில் கிடைக்கிற கோகோ தூள்களை வாங்கி அளந்தார்கள். காரம் சேர்க்காத தூளில் கிராமுக்குச் சராசரியாக 34.6 மில்லிகிராம் ஃபிளவனால் இருந்தது. லேசாகக் காரம் சேர்த்ததில் 13.8. அதிகமாகச் சேர்த்ததில் 3.9. ஏறக்குறைய பத்தில் ஒன்று.

சித்தப்பாவின் கட்டியை எடுத்தேன். உறையில் பெரிதாக 70% என்று இருந்தது. அவர் அதை மருந்தின் வீரியம் மாதிரி படித்துக்கொண்டிருந்தார். நிறைய பேர் அப்படித்தான் படிக்கிறார்கள். அந்த 70 என்பது கோகோவிலிருந்து வந்த எல்லாமே, அதாவது கோகோ வெண்ணெயும் சேர்த்து. வெண்ணெயில் ஃபிளவனால் கிடையாது. இந்த ரகக் கட்டியில் 100 கிராமுக்குச் சுமார் 43 கிராம் கொழுப்பு. அதைக் கழித்தால் மிஞ்சுவது 27 கிராம் கோகோ. தூள் கணக்கில் சொன்னால், தூளிலும் கொஞ்சம் கொழுப்பு இருக்கும் என்பதால், 31 கிராம் தூளுக்குச் சமம்.

இனி ஒரு காகிதக் கணக்கு. அந்த 31 கிராம் காரம் படாததாக இருந்தால் கட்டியில் 1,070 மில்லிகிராம் ஃபிளவனால் இருக்கலாம். 200 மில்லிகிராம் வேண்டுமென்றால் 20 கிராம், இரண்டு துண்டு போதும். அதிகமாகக் காரம் பட்டதாக இருந்தால் முழுக் கட்டியிலும் 120 மில்லிகிராம்தான். 200 வேண்டுமென்றால் 160 கிராமுக்கு மேல் தின்ன வேண்டும். அது ஏறக்குறைய ஆயிரம் கலோரி, மதியச் சாப்பாட்டைவிட அதிகம். இரண்டு கட்டியின் உறையிலும் 70% என்றுதான் போட்டிருக்கும். உள்ளே எத்தனை மில்லிகிராம் ஃபிளவனால் என்று பெரும்பாலான உறைகள் சொல்வதில்லை.

எங்கள் கட்டியின் பின்பக்கம் பொடி எழுத்தில் "அமிலத்தன்மை சீராக்கி ஐ.என்.எஸ் 501" என்று இருந்தது. 501 என்றால் பொட்டாசியம் கார்பனேட். 500 என்றால் சோடியம் கார்பனேட் வகை, 525 என்றால் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு. சாக்லேட்டிலோ கோகோ தூளிலோ இந்த எண்களைப் பார்த்தால் காரம் பட்ட சரக்கு என்று எடுத்துக்கொள்ளலாம். (பிஸ்கட்டில் 500 இருந்தால் அது வெறும் சமையல் சோடாவாக இருக்கும், அதைப் பார்த்து முடிவு கட்ட வேண்டாம்.) தூளாக இருந்தால் கண்ணாலேயே ஓரளவு சொல்லிவிடலாம். காரம் படாதது வெளிர் செம்பழுப்பாக இருக்கும், வாயில் லேசாகப் புளிக்கும். கறுகறுவென்று அடர் நிறத்தில் இருப்பதை வீரியமானது என்று நினைத்து வாங்குகிறோம், நிலைமை நேர்மாறு.

200 மில்லிகிராம் என்று நான் பிடித்துக்கொண்டதற்குக் காரணம், ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2012-இல் ஒப்புக்கொண்ட அளவு அது. அவர்கள் ஒப்புக்கொண்டதும் ரத்தக் குழாயின் நெகிழ்வுக்கு உதவும் என்பதை மட்டும்தான், பிரஷர் குறையும் என்பதை அல்ல. அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2023-இல் இன்னும் கையைச் சுருக்கிக்கொண்டது. குறைந்தது 4 சதவீதம் ஃபிளவனால் உள்ள கோகோ தூளுக்கு மட்டும், அதுவும் "மிகக் குறைந்த ஆதாரம்" என்ற வார்த்தையோடு சேர்த்துத்தான் இதய நலம் பற்றி எழுதலாம். சாதாரணத் தூளுக்கும் சாக்லேட்டுக்கும் அந்த அனுமதி இல்லை.

பிரஷருக்கென்று பார்த்தால், மருத்துவச் சோதனைகளைத் திரட்டி எடைபோடுகிற காக்ரேன் அமைப்பின் 2017 தொகுப்புதான் கையில் இருப்பதில் உருப்படியானது. 35 சோதனைகள், 1,804 பேர். ஒரு நாளைக்குச் சராசரி 670 மில்லிகிராம் ஃபிளவனால், பெரும்பாலும் சில வாரங்களுக்கு. மேல் அளவு 1.76 புள்ளி இறங்கியது. பிரஷர் ஏற்கெனவே 140-ஐத் தாண்டியவர்களை மட்டும் பிரித்துப் பார்த்தால் 4 புள்ளி. பிரஷர் சாதாரணமாக இருக்கிறவர்களுக்குச் சொல்லும்படியாக எதுவும் இல்லை. சாக்லேட்டை வைத்துச் செய்து, வெள்ளைச் சாக்லேட்டோடு ஒப்பிட்ட சோதனைகளில் இன்னொரு ஓட்டையும் உண்டு. தான் தின்பது கறுப்புச் சாக்லேட்டா வெள்ளைச் சாக்லேட்டா என்பது தின்கிறவருக்குத் தெரியாமல் இருக்குமா?

ஒப்பிட்டுப் பார்க்க இரண்டு எண்கள் சொல்கிறேன். வழக்கமான ஒரு பிரஷர் மாத்திரை மேல் அளவைச் சராசரியாக 9 புள்ளி இறக்கும். பிரஷர் உள்ளவர் தினசரி உப்பில் ஒரு தேக்கரண்டிக்குக் கொஞ்சம் குறைவாக, 4 கிராம் அளவுக்கு, வெட்டினால் 5 புள்ளி இறங்கும். சித்தப்பா தயிர்சாதத்துக்கு ஆவக்காய் ஊறுகாய் இரண்டு துண்டு போட்டுக்கொள்கிறவர்.

அப்படியானால் அவருக்கு 12 புள்ளி எப்படி இறங்கியது?

அவருடைய நோட்டை வாங்கிப் பார்த்தேன். 150 என்பது டாக்டர் அறையில், மாடிப்படி ஏறிப் போன கையோடு, ஒரே ஒரு முறை எடுத்தது. 138 என்பது வீட்டில், மூன்று முறை அழுத்திப் பார்த்து அதில் குறைந்ததை எழுதியது. அதுகூடப் பரவாயில்லை. எனக்குப் பக்கென்று ஆனது வேறொன்றில். "குறைஞ்சிருச்சேன்னு மாத்திரையை ஒருநாள் விட்டு ஒருநாள் போடறேன்" என்றார்.

அவர் எடுப்பது அம்லோடிபின் 5 மில்லிகிராம். அந்த மருந்து உடம்பில் பாதியாகக் குறையவே 30 முதல் 50 மணி நேரம் ஆகும். ஒருநாள் விட்டால் உடனே பிரஷர் எகிறாது, மெல்லத்தான் ஏறும். அவர் மாத்திரையைக் குறைத்தும் பிரஷர் ஏறவில்லை என்று பெருமைப்பட்ட அந்தப் பத்து நாளில், வேலை செய்துகொண்டிருந்தது பழைய மாத்திரையின் மிச்சம். பெயரைத் தட்டிக்கொண்டு போனது சாக்லேட்.

டாக்டரிடம் பேசி, மாத்திரையைத் தினமும் போட வைத்து, இரண்டு வாரம் விட்டோம். அப்புறம் ஒழுங்காக அளந்தோம். காலையும் மாலையும், காப்பிக்கு முன்னால், சிறுநீர் கழித்துவிட்டு, நாற்காலியில் முதுகு சாய்த்து ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார்ந்து, கையை நெஞ்சு மட்டத்தில் மேசைமேல் வைத்து, ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை. பேசாமல் இருப்பதுதான் சித்தப்பாவுக்கு ரொம்பச் சிரமம். முதல் நாள் கணக்கை விட்டுவிட்டு மற்ற ஆறு நாளின் சராசரி. ஒரு வாரம் ராத்திரி அரைக் கட்டியோடு, ஒரு வாரம் இல்லாமல்.

கட்டியோடு 136. கட்டி இல்லாமல் 137. அந்த இரண்டு வாரத்தில் தனித்தனி அளவுகள் 126-க்கும் 148-க்கும் நடுவே ஆடின. இவ்வளவு ஆட்டத்துக்குள்ளே ஒரு புள்ளி வித்தியாசத்தை வைத்து எதுவும் சொல்ல முடியாது. நிஜமாகவே 2 புள்ளி இறங்கியிருந்தாலும் ஒரு ஆளின் வீட்டு மெஷினில் அது தெரியவே தெரியாது, நூற்றுக்கணக்கான பேரைச் சேர்த்து அளந்தால்தான் தெரியும். "எனக்குக் குறைஞ்சுது" என்று யாராவது சாக்லேட்டுக்குச் சாட்சி சொன்னால் நான் இப்போதெல்லாம் அளந்த விதத்தைத்தான் முதலில் கேட்கிறேன்.

கட்டி இல்லாத வாரத்தில் நிச்சயமாக மாறிய ஒன்று உண்டு. தூக்கம். அதற்கு முந்தின ஒரு மாதமாக ராத்திரி ஒரு மணிவரை புரண்டதாகச் சித்தி சொன்னார். 70 முதல் 85 சதவீத டார்க் சாக்லேட்டில் 100 கிராமுக்கு ஏறக்குறைய 80 மில்லிகிராம் கஃபீன். அரைக் கட்டியில் 40. பெரிய கோப்பை காப்பியில் 95 வாக்கில் இருக்கும், டீயில் 45 சொச்சம். அதாவது சித்தப்பா தினமும் ராத்திரி ஒன்பதரைக்கு ஒரு டீ குடித்துவிட்டுப் படுத்திருக்கிறார். டீ என்று சொல்லிக் கொடுத்திருந்தால் அந்த நேரத்துக்கு வேண்டாமென்று தள்ளியிருப்பார். கஃபீன் பாதியாகக் குறைய ஐந்து மணி நேரம் வாக்கில் ஆகும், வயதானவர்கள் அதை இன்னும் கூர்மையாக உணர்வார்கள். இதோடு தியோபுரோமின் என்ற அதன் ஒன்றுவிட்ட தம்பி அரைக் கட்டியில் 400 மில்லிகிராம். அது கஃபீனைவிட மென்மையானது, ஆனால் அளவு பத்து மடங்கு.

பகலில் சாப்பிட்டால் இந்தக் கஃபீனைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. ஆரோக்கியமான பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 400 மில்லிகிராம் வரை சரி என்பது பொதுவான கணக்கு, கர்ப்பிணிகளுக்கு 200. இரண்டு துண்டுச் சாக்லேட்டில் 16தான். காப்பி டீ பழக்கமே இல்லாதவர்களுக்குக் கஃபீன் சில மணி நேரம் பிரஷரைக் கொஞ்சம் ஏற்றும். அதனால் கோகோ குடித்த கையோடு பட்டையைக் கட்டி அளந்து பார்த்து, ஏறிவிட்டதே என்றோ இறங்கிவிட்டதே என்றோ சொல்வதில் அர்த்தமில்லை.

இன்னொரு கணக்கும் அரைக் கட்டியில் ஒளிந்திருந்தது. 50 கிராமுக்கு 300 கலோரி, 12 கிராம் நிறைவுற்ற கொழுப்பு. வழக்கமான சாப்பாட்டுக்கு மேலே ஒரு மாதம் தின்றால் 9,000 கலோரி, கிலோவுக்கும் மேலே உடம்பில் ஏறும். எடை ஒரு கிலோ கூடினால் பிரஷர் ஒரு புள்ளி வாக்கில் ஏறும். ஃபிளவனால் இறக்குவதை இடுப்பு திருப்பி ஏற்றிவிடும். 2007-இல் ஜெர்மனியில் நடந்த ஒரு சின்னச் சோதனையில் 44 பேரில் பாதிப் பேருக்கு 18 வாரம் தினமும் வெறும் 6.3 கிராம் டார்க் சாக்லேட் கொடுத்தார்கள், ஒரு சின்னத் துண்டு; மற்றப் பாதிக்கு வெள்ளைச் சாக்லேட். 30 கலோரிதான் என்பதால் எடை ஏறவில்லை, டார்க் சாக்லேட் தின்றவர்களுக்கு மேல் அளவு 2.9 புள்ளி இறங்கியது. பத்திரிகைகளில் பரவலாக வந்த சோதனை இது. தலைப்பைப் படித்தவர்கள் 6.3 கிராம் என்பதைப் படிக்கவில்லை.

சரி, ஃபிளவனால் வேண்டும், கொழுப்பும் சர்க்கரையும் வேண்டாம் என்கிறவர்களுக்கு வழி காரம் சேர்க்காத கோகோ தூள். மேலே சொன்ன 34.6 கணக்கில் 200 மில்லிகிராமுக்கு 6 கிராம். வீட்டுத் தராசில் போட்டுப் பார்த்தேன், மட்டமாக இரண்டரை தேக்கரண்டி. 14 கலோரி, 14 மில்லிகிராம் கஃபீன். காக்ரேன் தொகுப்பின் சராசரி 670-ஐ எட்ட வேண்டுமென்றால் 19 கிராம், எட்டு தேக்கரண்டி. அதைத் தினமும் குடிக்கிற நாக்கு எனக்கு இல்லை. பாலில் கலந்தால் பலன் போய்விடும் என்று ஒரு சர்ச்சை உண்டு, ஆய்வுகள் இரண்டு பக்கமும் பேசுகின்றன. வாழைப்பழம் விஷயத்தில் மட்டும் எச்சரிக்கை. 2023-இல் வந்த ஒரு சிறிய ஆய்வில், வாழைப்பழ ஸ்மூத்தியோடு எடுத்தபோது ரத்தத்தில் சேர்ந்த ஃபிளவனால் 84 சதவீதம் குறைந்தது. வெட்டிய பழத்தைக் கறுக்க வைக்கிற அதே நொதிதான் இதையும் சிதைக்கிறது.

சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் கோகோ தூளில் இறங்க வேண்டாம், பொட்டாசியமும் ஆக்சலேட்டும் அதில் அதிகம். சாக்லேட்டில் காட்மியம், ஈயம் என்ற நச்சு உலோகங்கள் இருக்கின்றன என்ற பேச்சும் சும்மா இல்லை. 2022 கடைசியில் அமெரிக்காவின் கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் என்ற நுகர்வோர் அமைப்பு 28 டார்க் சாக்லேட்களைச் சோதித்ததில், தினம் 28 கிராம் தின்றால் கலிஃபோர்னியாவின் கடுமையான வரம்பைத் தாண்டும் அளவுக்கு இவற்றில் ஏதாவது ஒன்று 23-இல் இருந்தது. தினமும் பெரிய அளவில் தின்னாமல் இருக்க இதுவும் ஒரு காரணம்.

மாரடைப்பு, பக்கவாதம் வரை போய்ப் பார்த்த பெரிய சோதனை ஒன்றுதான், காஸ்மாஸ். அமெரிக்காவில் 21,442 முதியவர்கள், தினம் 500 மில்லிகிராம் ஃபிளவனால் மாத்திரையாக, மூன்றரை வருடத்துக்கும் மேல். முக்கிய இலக்காக வைத்திருந்த மொத்த இதயநோய்ச் சம்பவங்களில் உறுதியான வித்தியாசம் வரவில்லை. இதயநோய் மரணங்களை மட்டும் தனியே எண்ணியபோது 27 சதவீதம் குறைவு. சாக்லேட் கம்பெனி ஒன்றும் செலவைப் பகிர்ந்துகொண்ட ஆய்வு என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். அதில் கொடுத்தது மாத்திரை, கட்டி அல்ல என்பதையும்.

சித்தப்பா இப்போது காலையில் பிரஷர் பார்த்து, மாத்திரை போட்டு, அப்புறம் இரண்டரை கரண்டி கோகோ தூளைச் சுடுதண்ணீரில் கரைத்துக் குடிக்கிறார். அதற்காக அவர் காலைக் காப்பியை விடவில்லை. ஆவக்காய் இரண்டு துண்டு ஒன்றாகியிருக்கிறது. ஃபிரிட்ஜில் மிஞ்சிய கட்டிகள் பேரனுக்குப் போயின, அவன் ஒரு கடி கடித்துவிட்டுக் கசக்கிறது என்று திருப்பிக் கொடுத்துவிட்டான். போன வாரம் ஃபோனில் கேட்டேன், எப்படி இருக்கிறது என்று.

"கசாயம் கண்ணு. இதைப் போய்க் காசு குடுத்து வாங்கறாங்களே. நம்ம தோட்டத்துக் கொட்டையையே காயவெச்சு இடிச்சுக்கலாமா?"

புளிக்க வைக்காத கொட்டை எப்படி இருக்கும் என்று ஞாபகப்படுத்தினேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.